டப்பாவில் ஒரு எண், அட்டையில் ஒரு எண்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. யார் முதலில் வைத்தார்களோ தெரியாது. கேலியாக ஆரம்பித்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மேற்பார்வையாளரே, "பூதக்கண்ணாடி, இதைக் கொஞ்சம் பாரேன்" என்றுதான் கூப்பிடுவார். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

இணையத்தில் அழகுசாதனப் பொருள்கள் விற்கும் நிறுவனம் அது. சின்னக் கடைக்காரர்கள், வீட்டிலிருந்தே விற்கும் பெண்கள் என்று யார் வேண்டுமானாலும் அதில் கடை திறக்கலாம். ஆனால் சரக்கை நாலா பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வாங்கியவர்கள் புகார் சொன்னாலும் படம் வரும். போலியாக இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டியவற்றைப் பிரித்து வைப்பது அவள் வேலை.

திரையின் இடப்பக்கம் தயாரிப்பாளர் கொடுத்த அசல் படம், வலப்பக்கம் வந்த படம். முதலில் எழுத்தைப் பார்ப்பாள். அசலில் ஒல்லியாக இருக்கும் எழுத்து போலியில் கொஞ்சம் சதைபோட்டிருக்கும். இல்லையென்றால் இரண்டு எழுத்துக்கு நடுவே ஒரு மயிரிழை கூடுதலாக இடம் விட்டிருக்கும். பிறகு பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல அச்சிட்ட மூலப்பொருள் பட்டியல். கடைசியாக, டப்பாவின் அடியிலும் அட்டைப் பெட்டியிலும் இருக்கும் தொகுதி எண், அதாவது பேட்ச் நம்பர். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் பிசகியிருந்தால் அவள் அவசரப்பட மாட்டாள். தயாரிப்பாளரே எழுத்தை மாற்றியிருக்கலாம். கடையில் யாரோ பெட்டியை மாற்றிப் போட்டிருக்கலாம். படத்தை மட்டும் வைத்துப் போலி என்று அடித்துச் சொல்லவும் முடியாது. சந்தேகம் என்று குறித்தால், சரக்கை வரவழைத்துத் தயாரிப்பாளரிடம் காட்டுவார்கள்.

இந்தக் கண் வேலை முடிந்ததும் மூடிக்கொள்வதில்லை என்பதுதான் தொல்லை. பேருந்தில் பக்கத்துப் பெண் உதட்டுச்சாயத்தை எடுத்தால் அவள் பார்வை மூடியில் போய் நிற்கும். அலுவலகத்துப் பெண்கள் முகம் கழுவும் இடத்தில் அவளைக் கண்டதும் பையை மூடிக்கொள்வார்கள். சிரித்துக்கொண்டேதான் மூடுவார்கள். ஆனாலும் மூடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டைப் பெரும்பாலும் அவள் தன் மேசையிலேயே முடித்துக்கொண்டாள்.

கல்யாணம் முறிந்த பிறகு அண்ணன் வீட்டில் இருந்தாள். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. என்றாலும், கூடத்தில் அண்ணனும் அண்ணியும் மகளும் எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கும்போது அவள் உள்ளே நுழைந்தால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் நாசூக்காகிவிடும். அது அவளுக்குத் தெரியும்.

அண்ணியும் படுக்கையறை அலமாரியில் சரக்கு வைத்து விற்க ஆரம்பித்திருந்தாள். ஒரு தடவைகூட இவளிடம் காட்டியதில்லை.

"நீ பாத்தா எதுவும் தேறாதும்மா. உன் கண்ணை ஆபீஸ்லயே வெச்சிட்டு வா" என்பாள்.

இவளும் சிரித்துவிட்டு, அந்த அலமாரிப் பக்கம் திரும்பாமலே நடமாடப் பழகினாள். வீட்டிலாவது ஒரு சாதாரண மனுஷியாக இருந்துவிட்டுப் போகலாமே என்று நினைத்தாள்.

ஒருநாள் மத்தியானம் ஒரு புகார் வந்தது. முதல் படத்தில் ஒரு பெண்ணின் கன்னம், கன்றிச் சிவந்து தோல் உரிந்திருந்தது. அடுத்தடுத்த படங்களில் முகப்பூச்சு டப்பாவும் பெட்டியும். எழுத்து சதைபோட்டிருந்தது. மூலப்பொருள் பட்டியலில் டோகோஃபெரால் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளில், பி, எச் இரண்டும் சேர்ந்து வரவேண்டிய இடத்தில் ஒற்றை எஃப் நின்றது. டப்பாவில் ஒரு எண், பெட்டியில் வேறு எண். மூன்றும் ஒன்றாக வந்தால் யோசிக்க எதுவுமில்லை. சந்தேகம் என்று குறிக்கப் போனவள், விற்றவர் யார் என்று பார்த்தாள். கடைக்கு, அண்ணன் மகளை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். கீழே அவளுடைய வீட்டு முகவரி.

'படம் தெளிவில்லை, மீண்டும் அனுப்பவும்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் சில நாள் கிடைக்கும். அதற்குள் அண்ணி சரக்கை ஒதுக்கிவிடலாம். அவள் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலே வெகுநேரம் நின்றது. படம் பளிங்குபோலத் தெளிவாக இருந்தது. அந்தக் கன்னமும்தான்.

எழுந்து மேற்பார்வையாளரிடம் போனாள்.

"சார், இதை நான் பாக்கக் கூடாது. வேற யாருக்காவது குடுங்க."

"ஏன், தெரிஞ்சவங்களா?"

"எங்க அண்ணி."

அவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "அவங்களுக்குத் தெரிஞ்சே வித்திருப்பாங்களா?"

"இல்ல சார். யாரோ மொத்தமா கொண்டாந்து தள்ளிவிட்டிருப்பாங்க. அவங்களும் அதைத்தான் பூசிக்கிறாங்க."

"சரி, நான் மாத்திவிடறேன். முடிவு தெரியற வரைக்கும் வீட்ல வாயைத் திறக்காதே."

தலையாட்டினாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி, "நல்ல நேரத்துல வந்தே, இந்த டேப்பைக் கொஞ்சம் பிடி" என்றாள். என்றைக்கும் இல்லாமல் அன்றைக்குத்தான் உதவிக்குக் கூப்பிட்டாள். கட்டிலில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. அதே முகப்பூச்சு. இவள் டேப்பைக் கையில் வாங்கிக்கொண்டாள். பிரிக்கத்தான் முடியவில்லை.

"அண்ணி, இதை அனுப்பாதீங்க."

"ஏன்?"

"காரணம் சொல்லக் கூடாது. அனுப்பாதீங்க. நீங்களும் பூசாதீங்க."

அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள். "பாத்துட்டியா?"

"ஆபீஸ்ல வந்துச்சு. நான் மேல குடுத்துட்டேன்."

அண்ணி கத்தவில்லை. இவள் கையிலிருந்து டேப்பை வாங்கி அலமாரியில் வைத்து, கதவைச் சாத்தினாள்.

மறுநாள் கடையை முடக்கியதாகச் செய்தி வந்தது. பிறகு, சரக்கு போலிதான் என்று தயாரிப்பாளரும் சொல்லிவிட்டார். அண்ணிக்குச் சரக்கைக் கொண்டுவந்து கொடுத்த ஆளின் போன் அணைந்தே கிடந்தது. அண்ணி மிச்சத்தையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி நிறுவனத்துக்கே அனுப்பினாள். தெரிந்தவர்கள் வீடுகளுக்குத் தானே நேரில் போய், கொடுத்த டப்பாக்களைத் திரும்ப வாங்கிவந்தாள். அதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. இவளோடு பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

அண்ணன்தான் கேட்டான். "நீ செஞ்சது தப்புன்னு சொல்லல. முதல்ல வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு, அப்புறம் ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா, ஆபீஸ்ல சொல்லாதேன்னு நீ சொல்லியிருப்பே. நானும் கேட்டிருப்பேன்."



அடுத்த மாதம் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போனாள். போக வேண்டாம் என்று அண்ணன் சொன்னான். அண்ணி சமையலறையில் இருந்தாள். புது அறையில் ஒரு ஜன்னல், அதற்கு வெளியே எதிர்க் கட்டடத்துச் சுவர். தண்ணீர்க் குழாய் சொட்டும் சத்தம் முதலில் எரிச்சலாக இருந்தது. பழுது பார்ப்பவர் வந்து அடைத்துவிட்டுப் போன அன்று அறை இன்னும் பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. விடுமுறை நாளில் சில சமயம் பொழுது சாய்ந்த பிறகுதான் கவனிப்பாள், அன்றைக்கு வாய் திறந்து ஒரு சொல்கூடப் பேசவில்லை என்று.

மழைக்காலம் முடிந்த சமயம், அண்ணியிடமிருந்து போனில் படங்கள் வந்தன. ஒரு எழுத்துகூட இல்லை, வெறும் படங்கள். முகம் கழுவும் நுரை ஒன்றின் புதுக் குப்பி: முன்பக்கம், பின்பக்கம், பெட்டி. ஜன்னல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், கை நடுங்காமல் எடுத்திருந்தாள்.

அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுத்து சரி. பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை படித்தாள்.

"குப்பியோட அடிப்பக்கம் வேணும் அண்ணி" என்று எழுதினாள்.

கொஞ்ச நேரத்தில் அதுவும் வந்தது. எண் பெட்டியோடு பொருந்தியது.

"படத்துல பாத்த வரைக்கும் சரியா இருக்கு. யாருகிட்ட வாங்கினாலும் ரசீதோட வாங்குங்க."

"சரி" என்று மட்டும் பதில் வந்தது.

'பாப்பா எப்படி இருக்கா' என்று எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதி அனுப்பினாள். அண்ணி பார்த்துவிட்டதற்கான அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. அவள் எழுந்து உலை வைத்தாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

இரண்டு நாள் கழித்து வேறு ஒரு டப்பாவின் படங்கள் வந்தன. இந்தத் தடவை அடிப்பக்கமும் சேர்ந்தே இருந்தது. கூடவே ஒரு வரி: "நல்லா இருக்கா. பல்லு விழுந்திருக்கு."