ஈரத்துணி

எங்கள் வார்டில் கீரமங்கலத்து விவசாயி ஒருவருக்கு மூச்சுவிடத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் போட்டிருந்தார்கள். காலையில் குழாய்க்கு அடியில் இருந்த கட்டுத்துணியை மாற்றிவிட்டு, "கழுத்துல ஈரம் படாமப் பாத்துக்கங்க" என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

மதியம் அவர் மூச்சு விசிலடித்தது. சளி உறிஞ்சும் சக்‌ஷன் குழாய் உள்ளே இறங்கவில்லை. தொண்டைக் குழாய்க்குள் செருகியிருந்த உள்குழாயைக் கழற்றியதும் மூச்சு வந்தது. கழற்றிய குழாய்க்குள் சளி காய்ந்து பிசினாக அடைத்திருந்தது. மாற்று உள்குழாயைப் போட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தேன். பிறகுதான் கவனித்தேன், மூச்சுக்காற்றை ஈரமாக்கக் குழாயின் வாயில் தொங்கவிட்டிருந்த ஈரத்துணியைக் காணோம். ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது.

"யாரு எடுத்தது?" என்று கத்தினேன்.

"நாந்தாங்க. ஈரம் படக் கூடாதுன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க."