அருள்நாதன் கொடுக்காத முதல் பிரதி

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் சப்ளையர்களின் பில்களைச் சரிபார்ப்பது என் வேலை. புது விதிகளை விளக்கி அவர்கள் எல்லாருக்கும் மின்னஞ்சல் எழுதியதும் நான்தான். இனி காகித பில் வேண்டாம். போர்ட்டலில் ஆர்டர் எண்ணையும் சரக்கு வரவு எண்ணையும் தேர்ந்தெடுத்து, பில்லின் முதல் பிரதியை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். இருபத்தைந்தாம் தேதிக்குள் ஏறாத பில் அடுத்த மாதத்துக்குப் போகும். சின்னக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதியதாக எனக்குக் கொஞ்சம் கர்வம்.

அருள்நாதன் மட்டும் அடம்பிடித்தார். வல்லம் வடகாலில் ஆறு பேரை வைத்து, சரக்கு அடுக்கும் மரப் பலகைத் தட்டுகள் செய்பவர். மூன்று முறையும் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டிய மூன்றாம் பிரதியையே ஏற்றினார். காரணம் எழுதி மூன்று முறையும் நிராகரித்தேன். முதல் பிரதியை அடகு வைத்து எங்காவது கடன் வாங்கிவிட்டாரோ என்று எனக்குள் ஒரு சந்தேகம் அரித்தது. ஆள் சரியில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

இருபத்தைந்தாம் தேதி காலையில் பார்வையாளர் அறைக்கு வந்துவிட்டார்.

"இன்னா மேடம், மறுபடியும் திருப்பிட்டீங்க? இன்னிக்குப் போவலன்னா ஆறு பேருக்குச் சம்பளம் கிடையாது."

"முதல் பிரதி போடுங்கன்னுதானே சார் மெயில் அனுப்புனேன்?"

"அது எங்கிட்டதான் கீது. காயிதமா குடுத்தா என் காப்பில ஒரு சீல் போட்டு வாங்கிப்பேன். இதுல யாரு சீல் போடுவா?"

"ஏத்துனதும் ஒரு ஒப்புகை எண் வரும் சார். அதுதான் சீல்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "மூணு வருசம் முன்ன, சீல் போடுறவரு லீவுன்னு ஒரு பில்ல ஒங்க டேபிள் மேலயே வச்சிட்டுப் போனேன். அப்பால கேட்டா, வரவே இல்லன்னீங்க. வேற காப்பி குடுத்தேன், வருசக் கணக்கு முடிஞ்சிடுச்சுன்னு தள்ளிட்டீங்க."

அந்த பில் எட்டு மாதம் கழித்து என் மேஜை இழுப்பறைக்குப் பின்னால் கிடைத்தது. மேனேஜருக்குப் பயந்து கிழித்துப் போட்டேன். யாரிடமும் சொன்னதில்லை.

"வந்துச்சு சார்," என்றேன். "நான்தான் தொலைச்சேன். கெடைச்சப்புறமும் சொல்லல. இன்னிக்கே மேனேஜர்கிட்ட எழுதிக் குடுக்கறேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பையிலிருந்து முதல் பிரதியை எடுத்து, கைபேசியிலேயே படம்பிடித்து ஏற்றினார். ஒப்புகை எண் வந்தது. அதை நிதானமாக ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

பிறகு அதே கைபேசியில் ஓர் எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினார்.

"எங்க வூட்டுக்காரம்மா செல்வமேரி. அந்தப் பணத்த நான் குடிச்சு அழிச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் நெனச்சினு கீது. கொஞ்சம் சொல்லுங்க மேடம்."