நாற்பத்து நான்கு ‘எஸ் மேடம்’

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் சாலை மறியல்கள் நடந்துகொண்டிருந்த காலம். புளிய மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கும், பஸ் ஓடாது. நான் கள்ளக்குறிச்சியை ஒட்டிய ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கணக்கு எடுக்கச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஊர் சங்கராபுரம். மறியல் என்று முதல் நாளே பேச்சு அடிபட்டதால் கள்ளக்குறிச்சியிலேயே அக்கா வீட்டில் தங்கி, மறுநாள் காலை நடந்தே வகுப்புக்குப் போய்விட்டேன்.

அன்று வகுப்பில் நல்ல காற்றோட்டமாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். பையன்களை நிமிர்ந்து பார்க்கக் கூச்சம் எனக்கு. ரிஜிஸ்டரிலேயே கண்ணை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை எண்களைக் கூப்பிட்டேன். நாற்பத்து நான்கு ‘எஸ் மேடம்’ வந்தது. நாற்பத்து நான்கு கோடு போட்டேன்.

மதியம் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். எத்தனை மாணவர்கள் வந்தார்கள் என்று தாலுகா அலுவலகத்திலிருந்து போனில் கேட்டிருக்கிறார்கள். மற்ற வகுப்புகளில் பத்து, பன்னிரண்டு. என் வகுப்பில் மட்டும் நாற்பத்து நான்கு. அவரும் அப்படியே சொல்லிவிட்டார். அப்புறம், பஸ்ஸே ஓடாத நாளில் அவர்கள் எதில் வந்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

பிரின்சிபால் என்னைத் திட்டவில்லை. வராந்தா வழியாகக் கூட்டிக்கொண்டு போய் என் வகுப்பின் ஜன்னலைக் காட்டினார். உள்ளே பதினேழு தலைகள்.

“உங்க கிளாஸ்ல மட்டும் மறியலே நடக்கலம்மா” என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவமானம் பாதி, கோபம் பாதி. இருபத்தேழு குரல்களையும் யார் கொடுத்தார்கள் என்று யோசித்ததில், கடைசி பெஞ்சில் உட்காரும் நைனார்பாளையத்துப் பையன் நினைவுக்கு வந்தான். விவசாயக் குடும்பம். வாட்டசாட்டமான உடம்பு. கரகரப்பு, கீச்சு, ஜலதோஷம் பிடித்தது, தூங்கி எழுந்தது என்று எத்தனையோ குரல் வைத்திருந்தான்.

மறுநாள் பஸ் ஓடியது. முப்பத்தொன்றாம் எண்ணை வேண்டுமென்றே கூப்பிட்டேன். அந்தப் பையன் முதல் வருடமே படிப்பை விட்டுவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போனவன், பெயர் மட்டும் இன்னும் ரிஜிஸ்டரில் இருந்தது.

ஜலதோஷக் குரலில் “எஸ் மேடம்” வந்தது.

“பெங்களூர்லேர்ந்து எப்பப்பா வந்த?” என்று கேட்டேன்.

வகுப்பே திரும்பி நைனார்பாளையத்தானைப் பார்த்தது. அவன் எழுந்து நின்று, “பழக்க தோஷம் மேடம்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது தப்பாகப் போயிற்று. இந்த மேடம் விளையாட்டுக்கு வருவார்கள் என்று பையன்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

அதற்கப்புறம் வருகை எடுக்கும் முன்பே தலைகளை எண்ணிக் கரும்பலகை மூலையில் எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் தலை முப்பத்தொன்று, கோடு முப்பத்தொன்பது. எட்டுப் பேர் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லி, ஒவ்வொருவராக எழுந்து நின்று பதில் சொல்லும்படி மறுபடியும் கூப்பிட்டேன். எட்டும் கழன்றது. ஒரு வாரம் தலையும் கோடும் சரியாகப் பொருந்தின. அதற்கடுத்த வாரமும் பொருந்தின, அதுவும் முன்னைவிட நிறையத் தலைகளோடு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் இரண்டாம் பெஞ்சில் இருந்த பையனைக் கணக்குப் போடக் கூப்பிட்டேன். அவன் பரிதாபமாக முழித்தான். விசாரித்தால் எலக்ட்ரிகல் பிரிவாம். அவனுக்கு அந்த நேரம் வகுப்பில்லை. தலை குறைகிறதே என்று வாடகைத் தலையாக ஐந்து பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். வாடகை ஆளுக்கு ஒரு டீ.

அன்றே பெங்களூர்ப் பையனின் எண்ணை அடித்துவிட்டு, மற்றவர்களுக்கு எண் வரிசைப்படி இடம் பிரித்தேன். பெஞ்சின் மேல் சாக்பீஸால் எண் எழுதினேன். இனிமேல் யாரும் வாயைத் திறக்க வேண்டாம், காலியாக இருக்கும் இடத்துக்கு மட்டும் ‘ஏ’ போடுவேன் என்றேன். ஒரே நிமிடத்தில் வேலை முடிந்தது. பத்து நாளில் எந்த எண்ணுக்கு எந்த முகம் என்பதும் எனக்குப் படிந்துவிட்டது. வாடகைத் தலைகளும் நின்றன. நைனார்பாளையத்தான் வேலை போனவன் மாதிரி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

முப்பத்தெட்டாம் இடம் மட்டும் தினமும் காலியாக இருந்தது. தினமும் ‘ஏ’ போட்டேன். இரண்டாம் வாரம் நைனார்பாளையத்தான் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான்.

“முப்பத்தெட்டு வராம இல்ல மேடம். வந்துக்கினுதான் இருக்கறான். மலையிலேர்ந்து காலையில ஒரே பஸ்ஸுதான். அது இங்க வரசொல்ல பத்தேகால் ஆயிடுது. அவனுக்கு மட்டுமாவது நான் குரல் குடுக்கறனே.”

கல்வராயன் மலைப் பையன் அவன். பின்வாசல் வழியாக வந்து, தன் இடத்துக்குப் போகாமல் கடைசி பெஞ்சு ஓரத்திலேயே சத்தமில்லாமல் உட்கார்ந்து பாடம் எழுதுவான். அத்தனை நாளும் பார்த்திருக்கிறேன், அவன்தான் முப்பத்தெட்டு என்று தெரியாது. வருகை குறைந்தால் ஹால் டிக்கெட் வராது. ரிஜிஸ்டரைப் புரட்டி நான் போட்ட ‘ஏ’க்களை எண்ணினேன். குரல் கொடுக்க வேண்டாம் என்றேன். பிரின்சிபாலிடம் பேசி, முதல் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் வருகை எடுக்க அனுமதி வாங்கினேன். ஏற்கெனவே போட்ட ‘ஏ’க்களைத் திருத்த அவர் ஒப்பவில்லை. அந்த நாட்களுக்கு மட்டும் பஸ் நேரத்தைச் சொல்லி என்னிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக் கோப்பில் வைத்தார்.

இதெல்லாம் ஒழுங்காகி மிதப்பில் இருந்தபோது மறுபடியும் மறியல். சங்கராபுரத்திலிருந்து ஏறிய பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மரத்தைத் தாண்டி, செருப்பைக் கையில் பிடித்து வயல் வரப்பில் இறங்கி, யாரோ ஒருவரின் மாட்டு வண்டியில் தொற்றி நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றேகால். நேராக வகுப்புக்குப் போனேன். பத்தொன்பது பேர் இருந்தார்கள். நைனார்பாளையத்தான் எழுந்து நின்றான்.

“இன்னாப்பா?”

“ஆபீஸுக்கு பஸ் பாஸ் ஃபாரத்துல சீல் வாங்கப் போனேன் மேடம். அங்க ரிஜிஸ்டர்ல நீங்க ஒன்பது நாப்பதுக்கே வந்துட்டீங்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பக்கத்து மேசை ஆங்கில ஆசிரியை, பாவம் பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று என் கையெழுத்தையும் போட்டுவிட்டிருந்தார். என்னுடையதைவிட அழகாகவே போட்டிருந்தார். நான் அதை அடித்து, பக்கத்தில் பதினொன்றேகால் என்று எழுதி, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பிரின்சிபால் கடிதத்தைப் படித்துவிட்டு, மேசை டிராயரிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். மறுநாள் முதல் ஆசிரியர் ரிஜிஸ்டர் அவர் மேசைக்கே வந்தது. பத்து மணி அடித்ததும் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. ஆங்கில ஆசிரியை ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மற்றவர்களும் அளவாகத்தான் பேசினார்கள்.

பருவம் முடிந்து ஹால் டிக்கெட் பட்டியல் ஒட்டினார்கள். மலைப் பையன் பெயர் இருந்தது. மறியல் நாட்களைக் கழித்த பிறகும் நான்கு பேர் பெயர் இல்லை. நான்கும் நைனார்பாளையத்தானின் குரலை நம்பி வீட்டில் இருந்தவர்கள். வகுப்பிலேயே ஜாஸ்தி வருகை அவனுக்குத்தான். பிறருக்குக் குரல் கொடுக்க அவன் ஒரு நாள் தவறாமல் வந்தாக வேண்டியிருந்திருக்கிறது.

என் கணக்குப் பேப்பரில் அவன் வாங்கியது நூற்றுக்குப் பதினெட்டு.