நிஸ்ரினின் மத்கல்

நிஸ்ரினிடம் "ஏலாது" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அந்த வேலை நடந்து முடிந்த மாதிரித்தான். தில்லையடியில் இது தெரியாத ஆள் இல்லை. தெரிந்திருந்தும் அவளுடைய மூத்தவர் நிஸார் நானா அந்தச் சொல்லைத்தான் சொன்னார்.

"இந்தச் சின்ன ஊட்டுக்கு வாசல்ல தனியா ஒரு அறையா? ஏலாது தங்கச்சி. சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் நானா. நின்டு சிரிக்கவும் ஒரு எடம் வேணும்தானே. அதுக்குத்தான் கட்டுறன்."

கட்டினாள். கணவன் மவுத்தான பிறகு கைக்குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனவள், அந்தப் பிள்ளை பெரிய மனுஷியாகும் வரைக்கும் அடுத்தவன் வீட்டைக் கூட்டித் துடைத்துச் சேர்த்த காசில் கட்டினாள். அதில் யாருக்கு என்ன வந்தது?

குவைத்தில் அவளுடைய மேடத்தின் வீட்டில் வாசலுக்கும் ஹோலுக்கும் நடுவில் ஓர் இடம் இருந்தது. அரபியில் மத்கல் என்பார்கள். செருப்பு வைக்க அலுமாரி, அதை அடுத்து ஒடுக்கமான மேசை, மேலே கண்ணாடி, முகட்டிலிருந்து தொங்குகிற விளக்கு. அதை ஒவ்வொரு விடியலிலும் துடைத்தவள் நிஸ்ரின். ஆனால் அந்த வழியாக அவள் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. அவளுக்குப் பின்பக்கத்து ஒழுங்கைக் கதவு. அவளுடைய செருப்புக்குக் குப்பை வாளிக்குப் பக்கத்தில் இடம். கோபம் வராமல் என்ன செய்யும்? வந்தது. அந்தக் கோபத்தை அவள் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்து, கல்லும் சீமெந்துமாக ஆக்கினாள். ஊர் அவளுக்கு 'மத்கல் நிஸ்ரின்' என்று பட்டம் வைத்தது. கூப்பிட்டால் "ஓம், சொல்லுங்க" என்று திரும்பிப் பார்த்தாள். அதோடு பகிடி பண்ணியவர்களுக்கே அலுத்துப்போய்விட்டது.

பகிடியை விடுங்கள். பெரிய சண்டை செருப்பில்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் எவரும் உள்ளே வருவது. காகம் தூக்கும், நாய் கவ்வும், களப்புக் காற்று மண்ணை அள்ளி நிரப்பும், அது வேறு கதை. ஆனால் செருப்பு வாசல் தாண்டுவதா?

"தொழுற ஊட்டுக்குள்ள செருப்பக் கொண்டாறதா? யா அல்லாஹ்!" என்று நிஸார் நானா தலையில் கை வைத்தார்.

"ஊட்டுக்குள்ள எங்க வருது? கீழ பாருங்க."

வாசலறையின் தரையை ஹோலை விட ஒரு படி தாழ்வாகப் போடச் சொல்லியிருந்தாள் அவள். தாழ்ந்த தரைக்குக் கறுப்பு டைல்ஸ், மேலே வெள்ளை. செருப்பு கறுப்போடு நிற்கும், கால் வெள்ளையில் ஏறும். மண்ணும் கறுப்பிலேயே தங்கிவிடும். நானா பார்த்தார். ஒரு தரம் இறங்கி ஏறியும் பார்த்தார். ஆனால் விட்டுக்கொடுத்ததாக அர்த்தமில்லை, அவரும் அதே வயிற்றில் பிறந்தவர்தானே.

தச்சு வேலைக்குக் கற்பிட்டியிலிருந்து மரியநாயகம் பாஸ் வந்தார், தச்சனென்றால் எங்கள் பக்கத்தில் பாஸ்தான். நல்ல வேலைக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"இவ்வளவு ஒடுக்கத்தில அலுமாரியா? சப்பாத்து கொள்ளாதே தங்கச்சி."

"படுக்க வெச்சாத்தான் கொள்ளாது பாஸ். நிறுத்தி வெச்சாக் கொள்ளும். கதவு மேலால முன்னுக்குச் சாயோணும், செருப்பு உள்ளுக்குச் செங்குத்தா நிக்கோணும். புடி வேணாம், நடக்கைக்க உடுப்பில கொளுவும். மேல் விளிம்பில விரல் போற அளவு வெட்டி விடுங்க."

தூள் பலகை வேண்டாம், உப்புக் காற்றில் ஊதிப் போகும் என்று பிளைவூட் எடுத்தார்கள். நாற்றம் தங்காமல் இருக்க முதுகுப் பலகையில் துளை போட்டார்கள். தரை கழுவும் தண்ணீர் படாமல் இருக்கக் குட்டிக் கால் வைத்தார்கள். பாஸுக்கும் வேலை பிடித்துப்போயிற்று. கண்ணாடியைத் தானே வலது சுவரில் தூக்கிப் பிடித்து, "இங்க நல்லா இருக்கும். யன்னலும் இந்தப் பக்கந்தான். வாசல்ல நிண்டு பாருங்க" என்றார்.

நிஸ்ரின் வாசலில் நின்று பார்த்தாள். கண்ணாடிக்குள் அவளுடைய மகள் ஷஸ்னா ஹோலில் காலை நீட்டிக்கொண்டு, முக்காடு இல்லாமல், தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"எடுங்க பாஸ், எடுங்க! போஸ்ட்காரன் வந்தாலும் என்ட புள்ளயத்தான் பார்ப்பான்."

ஹோலுக்குப் போகும் வழி உள்கோடியில் இடது பக்கம் திறந்தது. ஆகையால் கண்ணாடியும் அதே இடது சுவரில் இருந்தால்தான் வாசலில் நிற்பவனுக்கு எதிர்ச் சுவர் மட்டும் தெரியும். அங்கேயே மாட்டினார்கள். ஈரம் ஏறி ரசம் கறுக்காமல் இருக்கச் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விரல் கனத்துக்கு இடைவெளி விட்டார்கள். விளக்கைக் கண்ணாடிக்கு நேரே தொங்கவிடாமல் இன்னும் உள்ளே தள்ளித் தொங்கவிட்டார்கள்.

வேலை முடிந்த அன்று பின்னேரம் வாசலில் நின்று பார்த்தால், காலடியில் கறுப்புத் தரை, இடது கைப் பக்கம் செருப்பு அலுமாரி, அதைத் தாண்டி ஒடுக்கமான மேசை, மேசைக்கு மேலே வலது பக்கத்து உயர யன்னலின் வெளிச்சத்தை வாங்கி வைத்திருக்கும் கண்ணாடி, அதற்கும் அப்பால் விளக்கு, விளக்குக்கும் அப்பால் வெறும் வெள்ளைச் சுவர். கண்ணாடிக்குள் இன்னொரு விளக்கு. நாலு எட்டில் நடந்து முடிகிற இடம், பார்க்க அப்படி நீண்டு கிடந்தது. வீட்டுக்குள் என்ன இருக்கிறதென்று உள்ளே வந்தால் ஒழிய ஒருவனுக்கும் தெரியாது. நிஸ்ரின் அன்றைக்குத் தெருவுக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தாள். சும்மாதான். தன்னுடைய வீட்டு முன்வாசலால் தான் உள்ளே வருவதற்காக.

பிறகுதான் ஷஸ்னாவுக்கு மதுரங்குளியிலிருந்து சம்பந்தம் வந்தது. நிஸார் நானா கொண்டுவந்தது. மாப்பிள்ளையின் வாப்பா அன்ஸார் ஹாஜியார், கடையும் தென்னந்தோட்டமும் உள்ள மனுஷன். பொம்பிளைக்கு வீடு எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பான். அதற்கு நிஸ்ரின் மறுப்பேதும் சொல்லவில்லை. மகளுக்கு இல்லாத வீடு யாருக்கு?

"அந்த வாசலறச் சுவர மட்டும் அவங்க வர முன்னாடியே ஒடச்சிடுவம்" என்றார் நானா. "ஹோல் பெருசாத் தெரியும்."

"மாட்டன்."

"உன்ட புடிவாதத்தால புள்ளட வாழ்க்க நாசமாப் போகும்."

இது மட்டும் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மகளிடம் கேட்டாளா? கேட்கவில்லை. கேட்டால் பிள்ளை "ஒடைங்க உம்மா" என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அவ்வளவு துணிந்தவளுக்கும் பயம் என்று ஒன்று இருந்தது, அது இதுதான்.

ஹாஜியாரும் மனைவியும் உறவுக்காரர் இரண்டு பேரும் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். படியில் செருப்பைக் கழற்றப் போனவர்களை நிஸ்ரின் உள்ளே கூப்பிட்டு, அலுமாரிக்கு எதிரே போட்டிருந்த முக்காலியைக் காட்டி, கழற்றிய செருப்புகளைத் தானே அலுமாரிக்குள் நிறுத்திக் கதவைச் சாத்தினாள். ஹாஜியாரின் மனைவி கண்ணாடியில் முக்காட்டைச் சரி செய்துகொண்டார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட வந்தது. ஹாஜியாருக்கு வரவில்லை.

தேத்தண்ணி வந்தது. வட்டிலப்பம் வந்தது. ஹாஜியார் எழுந்து, ஷஸ்னா இருந்த அறையை விட்டுவிட்டு, மற்ற அறைகளை நடந்து பார்த்தார். யன்னலைத் திறந்து மூடினார். கடைசியில் வாசலறைச் சுவரில் கை முட்டியால் தட்டினார்.

"இத எடுத்துருவம். நம்மட ஊட்டுக்கு நாலு பேர் வந்தா இருக்க எடம் வேணும்."

நம்மட வீடாம்! நிக்காஹ் பேச்சே இன்னும் முடியவில்லை.

"ஓம் ஹாஜியார், அது ஒரு நாள் வேல" என்றார் நிஸார் நானா அவசரமாக.

"இல்ல" என்றாள் நிஸ்ரின். "ஊட்ட மகளுக்கு எழுதித் தாறன். சொன்ன சொல்லு மாறாது. ஆனா அந்தச் சுவர் நிக்கும்."

"அது என்ன சுவர்? செருப்பு வைக்கிற சுவர்." ஹாஜியார் உறவுக்காரர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "குவைத்தில செருப்பு அடுக்கின பழக்கம் இன்னும் உட்டுப் போகல்ல போல."

நானா தரையைப் பார்த்தார்.

"ஓம் ஹாஜியார், அடுக்கினன்" என்றாள் நிஸ்ரின். "கண்டவன்ட செருப்பெல்லாம் அடுக்கினன். என்ட செருப்ப வைக்க அங்க ஒரு தட்டு இருக்கல்ல. அதுக்குத்தான் இந்தச் சுவர். இதுக்குள்ளால வர ஏலுமென்டா வாங்க. ஏலாட்டி உங்கட இஷ்டம்."

"அப்ப இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுது" என்று ஹாஜியார் தோள் சால்வையை உதறி எழுந்தார்.

கோபத்தில் எழுந்த மனுஷன் விறுவிறென்று தெருவுக்கு இறங்கிப் போயிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். எப்படிப் போவது? செருப்பு உள்ளே இருக்கிறது. அலுமாரி முன்னால் போய் நின்றார். பிடியைத் தேடினார், பிடி இல்லை. பக்கவாட்டில் இழுத்தார், வரவில்லை. கீழே நகத்தால் நெம்பினார். பின்னால் மனைவியும் உறவுக்காரரும் அந்த ஒடுக்கத்தில் வரிசையாக நின்றார்கள். ஹாஜியாரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

நிஸ்ரின் எழுந்து போய்த் திறந்து கொடுத்திருக்கலாம். எழும்பவில்லை. மகளுடைய சம்பந்தம் போகிறது, தன் வாயால் போகிறது. அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை இனித் தன் முகத்தைப் பார்ப்பாளா?

அறைத் திரைச்சீலை விலகியது. ஷஸ்னா வெளியே வந்தாள். அழைத்தால்தான் வர வேண்டும் என்ற முறையெல்லாம் அவள் பார்க்கவில்லை. கட்டியிருந்த புதுச் சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஹாஜியாரைத் தாண்டிப் போய் அலுமாரியின் மேல் விளிம்பில் விரலைக் கொடுத்தாள். கதவு சாய்ந்தது.

"கொஞ்சம் இருட்டா இருக்கு, லைட்டப் போடுறன்" என்று சுவிட்சைத் தட்டினாள். "இருந்து போடுங்க ஹாஜியார். முக்காலி இருக்கு."

அவருடைய செருப்பை எடுத்தாள். பிறகு மற்றவர்களுடையதையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். கறுப்புத் தரையில் சோடி சோடியாக வைத்தாள். எல்லாச் செருப்பின் முனையையும் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.