ஷட்டர் இருநூற்றைம்பது

எங்கள் விளம்பரப்பட ஆபீஸில் கேமராமேன் என்று ஒருவர் உண்டு. தகுதி: முதலாளியின் மச்சான். எதைக் கெடுத்தாலும் "எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்பார். பதினொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் எடிட்டர் அக்கா.

கட்டிடம் எழும்புவதை ஆறு மாதம் படம் பிடித்து ஒரு நிமிஷமாகச் சுருக்க வேண்டுமா? மச்சான் கேமராவை ஆட்டோ மோடில் விட்டுவிட்டுப் போய்விடுவார். அது மேகத்துக்கு ஒரு வெளிச்சம், வெயிலுக்கு ஒரு வெளிச்சம் என்று தன்னிஷ்டத்துக்கு மாற்றும். ஓட்டினால் படம் பளிச், மங்கல் என்று துடிக்கும். அக்கா ஒவ்வொரு படத்தையும் அக்கம்பக்கத்துப் படங்களின் சராசரி வெளிச்சத்துக்கு இழுத்துச் சமன் செய்வார். கைதட்டல் மச்சானுக்கு.

ஒருநாள் எல்.இ.டி. விளக்குக் கம்பெனிக்காரர் எடிட்டிங் அறைக்கே வந்து குதித்தார். அவருடைய விளக்குகளுக்கு அடியில் எடுத்த படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன.

"எடிட்டிங் கோளாறு சார்" என்றார் மச்சான், கூசாமல்.

முதலாளி அக்காவைப் பார்த்தார். "இன்னிக்குள்ள சரியாகணும். இல்லன்னா நாளைக்கு வராதீங்க."

"மொத்தப் படமும் சேர்ந்து துடிச்சா எடுத்துடலாம். இது ஆடுற மூஞ்சி மேல ஊருற பட்டை. சாஃப்ட்வேர்ல தேய்ச்சா மூஞ்சியும் சேர்ந்து தேயும்" என்றார் அக்கா.

பிறகு கேமராவை எடுத்து, கம்பெனிக்காரர் கொண்டுவந்த விளக்கைப் போட்டு, ஷட்டரை இருநூற்றைம்பதில், அதாவது செகண்டில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு திறக்கும்படி, வைத்தார். பட்டை ஊர்ந்தது. ஐம்பதில் வைத்தார். பட்டை மாயம்!

"கரண்ட்டுக்கேத்த மாதிரி விளக்கு செகண்டுக்கு நூறு தடவை ஏறி எறங்குது. ஐம்பதுல ஒரு படத்துக்கு ரெண்டு முழுச் சுத்து கெடைக்கும். இருநூத்தைம்பதுல அரைகுறையா மாட்டும். இத திரும்ப எடுக்கணும்."

கம்பெனிக்காரர் முகம் தெளிந்தது. "அப்ப விளக்கு மேல தப்பில்ல?"

இங்கே வாயை மூடியிருந்தால் அக்கா பிழைத்திருப்பார். பொய் வராத ஜென்மம். "நல்ல டிரைவர், அதான் கரண்ட்டைச் சீராக்குற சர்க்யூட், போட்ட விளக்குன்னா இருநூத்தைம்பதுலயும் பட்டை தெரியாது சார்."

விளக்கு மட்டம் என்று ஒப்புக்கொள்ள ஒருவருக்கு மனமில்லை. ஷட்டர் தெரியாது என்று ஒப்புக்கொள்ள இன்னொருவருக்கு. திருடனும் திருடனும் சேர்ந்தால் பேச்சா தேவை?

"எடிட்டிங் கோளாறுதான்" என்றார் கம்பெனிக்காரர். மச்சான் தலையாட்டினார். எல்லாம் புரிந்த முதலாளி, புரியாதவர்போல, அக்காவிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார். அக்கா பையை எடுத்துக்கொண்டார்.

கதவருகே என்னைப் பார்த்தார். நான் ஒலிப்பதிவாளன், படப்பிடிப்பில் மச்சானுக்குப் பக்கத்திலேயே நின்றவன். ஷட்டர் எதில் இருந்தது என்று எனக்குத் தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன், அதில் எதுவும் ஓடாதபோதும்.

அவர்களையெல்லாம் எழுதியாயிற்று. இதில் கேவலமானவன் யாரென்று நீங்களே சொல்லுங்கள்.