அண்ணனுக்கு நான் எழுதிய மஞ்சள் டேக்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வயிற்றைத் திறந்து குடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, தையலோடு படுத்திருந்த மனிதருக்கு நான் அனுப்பிய முதல் ஆறுதல், பழுதான உருப்படிக்குத் தொழிற்சாலையில் கட்டுகிற மஞ்சள் டேக். அதையும் கூட வேலை செய்கிற இருபத்திரண்டு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். போட்டுவிட்டு, எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு டீ வேறு குடித்தேன்.

ஹெப்பாளில் பம்புகளுக்கான உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. அண்ணனும் நானும் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறோம். சரியான உருப்படிக்குப் பச்சை டேக். சந்தேகமானதற்கு மஞ்சள். மஞ்சளில் பாகத்தின் பெயர், குறை, காரணம் எழுதவேண்டும். அடியில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று 'ரீவொர்க்', திருத்தி எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு; இன்னொன்று 'ஸ்க்ராப்', தேறாது, கழித்துப்போடு என்பதற்கு. சோதித்து முடித்தபின் ஏதாவது ஒன்றில் டிக் போடவேண்டும்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, கொள்ளேகால் பக்கத்துக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். ஒன்பது வருடமாக இதுதான் ஏற்பாடு. ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் ஒரு காலை, வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"குடல்ல ஒரு கட்டியாமா. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பறாங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லீராத."

"சொல்லமாட்டேண்ணா."

ஆபீசில் அவர் 'சின்ன ஆபரேஷன்' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு லீவில் போனார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் குரூப்பில் 'கெட் வெல் சூன்' என்று வரிசையாகப் பூங்கொத்துப் படங்கள் விழுந்தன. எனக்குக் கை அரித்தது. எல்லாரையும் சிரிக்கவைக்கும் உத்தியோகத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டதுதான். ஒரு மஞ்சள் டேக்கை எடுத்தேன். பாகம்: அண்ணனின் குடல். குறை: கட்டி. காரணம்: ஐம்பது வருடத்து மெணசினகாய் (மிளகாய்) பஜ்ஜி. 'ரீவொர்க்' கட்டத்தில் பெரிதாக ஒரு டிக். போட்டோ எடுத்து அனுப்பினேன்.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது, சத்தியமாக, அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

சாயங்காலம் அண்ணியிடமிருந்து போன். அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகப் பேசினார்.

"தம்பி, மொதல்ல அதப் பாத்துச் சிரிச்சாருங்க. சிரிச்சா தையல் இழுக்குது, தலகாணிய வயித்துல அணைச்சுப் பிடிச்சுக்கிட்டார். அப்புறம் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பாத்துட்டு இருந்தார். அந்த ரெண்டாவது கட்டத்துல யாரு டிக் போடுவாங்கன்னு என்னைக் கேக்கறார். நான் என்னங்க தம்பி சொல்றது?"

போனை வைத்தேன். குரூப்பைத் திறந்து படத்தை அழித்தேன். அதற்குள் இருபது பேர் பார்த்திருந்தார்கள். நான்கு பேர் 'என்ன கட்டி?' என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் பப்பாளி இலைச் சாறு சிபாரிசு செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து எல்லாருமாக ஆஸ்பத்திரிக்குப் போவதென்று தீர்மானமே ஆகியிருந்தது.

என் மனைவி வேறொரு ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். டூட்டி முடிந்து வந்தவளிடம் அண்ணி சொன்னதைச் சொல்லி, போனில் மிச்சமிருந்த டேக் படத்தை நீட்டினேன். படித்தாள். என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒரு டேக் எழுதணும்னா, நான் ரெண்டாவது கட்டத்துலதான் டிக் போடுவேன்."

"போடு. இப்ப நான் அவருக்கு என்ன எழுதறது? அதைச் சொல்லு."

"எழுதுங்க, பாக்கறேன்."

எழுதினேன். 'அண்ணா, எப்படி இருக்கீங்க? வலி இருக்கா? சாப்பிடறீங்களா? ரிப்போர்ட் எப்ப வரும்? எல்லாம் நல்லபடியா ஆகும். சீக்கிரம் வேலைக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை பாக்க வர்றோம்.'

"நாலு கேள்வி," என்றாள். "டிரிப்ஸ் ஏத்தின கையோட அந்த ஆள் நாலு பதில் டைப் பண்ணணும். வயித்துக் காஸ் வெளிய போச்சான்னு காலையில இருந்து நாங்க நர்ஸுங்க கேக்கறதே அவருக்குப் போதும். அது போனாத்தான் ஒரு வாய் தண்ணியே குடுப்போம். இதுல நீங்க சாப்பிட்டாச்சான்னு கேக்கறீங்க."

கேள்விகளை அழித்தேன்.

"எல்லாம் நல்லபடியா ஆகும்னு போட்டிருக்கீங்களே, ரிப்போர்ட் உங்க கைக்கு வந்துடுச்சா?"

அதையும் அழித்தேன்.

"சீக்கிரம் வேணாம். எழுந்து பாத்ரூம் வரைக்கும் நடக்கறதே அவருக்கு இன்னிக்குப் பெரிய வேலை."

"அப்ப என்னதான்டி மிச்சம்?"

"நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கும். அதை எழுதுங்க. எதையாவது செய்யணுமான்னு கேக்காதீங்க. அதுவும் ஒரு கேள்வி. இன்னது செய்யறேன்னு எழுதுங்க. வேணாம்னா விட்டுடுவார்."

ஜோக் அடிக்காமல் ஏழு வரி எழுத எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. குரூப்பில் போடாமல் அவருக்கு மட்டும் அனுப்பினேன்.

'அண்ணா, அந்த டேக் என் தப்பு. நீங்க சொல்லாதேன்னு சொன்னதைச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை யாரும் வரமாட்டாங்க, நான் பேசிக்கறேன். லீவுக்கு ஆபீசுக்குக் குடுக்கவேண்டிய பேப்பரை அண்ணி ஒட்டின கவர்ல போட்டு ஆஸ்பத்திரி கீழ செக்யூரிட்டிகிட்ட வெச்சா, நான் வாங்கிட்டுப்போய்ப் பிரிக்காம சேத்துடறேன், மேல வரமாட்டேன். தினமும் உங்களை நினைச்சுக்கறேன். இதுக்குப் பதில் எழுதவேணாம்.'

மறுநாள் ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லாரையும் நிறுத்தி, தப்பு என்னுடையது என்றேன். அவர் உடம்பைப் பற்றி இனி என்னிடம் கேட்கவேண்டாம், வேனை ரத்து செய்யுங்கள் என்றும் சொன்னேன். நான் ஏதோ புது ஜோக் ஆரம்பிக்கிறேன் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். சிரிப்பு நிற்கும் வரை காத்திருந்து மறுபடியும் அதையே சொன்னேன். இதுவரை நான் கேட்டதிலேயே பிடிக்காத சிரிப்பு அதுதான்.

பதில் எழுதவேண்டாம் என்று எழுதியவன் நான்தான். ஒரு நாளைக்கு முப்பது தடவை போனை எடுத்துப் பதில் வந்ததா என்று பார்த்தவனும் நான்தான். நீல டிக் விழுந்திருந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் என் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு புது ஆள் "காலி இதெயா, குரு?" என்று, சீட் காலியா என்று கன்னடத்தில் கேட்டான். ஆள் வருகிறார் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று ரிங் ரோடு வரை யோசித்தேன்.

ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி செக்யூரிட்டியிடம் கவர் இருந்தது. நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தார் அண்ணி. மேலே மாடியில் அவருடைய வார்டு விளக்கு எரிந்தது. லிஃப்ட் எனக்காகவே திறந்து நின்ற மாதிரி இருந்தது. ஏறவில்லை. மறுநாள் காலை ஆபீசில் கவரைச் சேர்த்தபோது அங்கிருந்த கிளார்க், "உள்ளே என்ன இருக்குன்னு தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். தெரியாமல் இருப்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அதற்குப் பின் நான்கு நாள். பதினோரு மணி டீக்கு முன்னால், கையில் கேஜுடன் ஒரு வால்வை அளந்துகொண்டிருந்தபோது பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. கேஜை மேஜையில் வைத்துவிட்டுத்தான் எடுத்தேன். 

அண்ணனிடமிருந்து ஒரே ஒரு வரி:

"பச்சை டேக் எழுதி வெய்யி, குரூப்புல போட்டீன்னா தொலைஞ்சே."