புதுப் பாஸ்போர்ட், பழைய விரல்

எங்கள் கடை ஒன்றுதான், நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் என் கேமராவும் வெள்ளைத் துணியும். அந்தப் பக்கம் டைப்பிங் அக்காவின் கம்ப்யூட்டர். கல்ஃப் வேலைக்கு ரெஸ்யூம் போட வருகிறவர்கள் என்னிடம் முகத்தைக் காட்டிவிட்டு அவளிடம் பிழைப்பைச் சொல்வார்கள். என்னைவிடச் சின்னவள்தான். எல்லோரும் அக்கா என்பதால் நானும் அக்கா என்கிறேன், அவள் என்னை அண்ணே என்கிறாள். கணக்கு சரியாகிவிட்டது.

எந்த ரெஸ்யூம் வந்தாலும் முதலில் வெட்டுவாள். அப்பா பெயர், வீட்டு விலாசம், "மேற்கண்ட யாவும் உண்மை" எல்லாம் போய்விடும். பிறகு அங்கே எதிர்பார்ப்பதைச் சேர்ப்பாள்: மேல் மூலையில் போட்டோ, எந்த நாட்டுக் குடிமகன், பிறந்த தேதி, கல்யாணம் ஆனதா, விசா நிலை, பாஸ்போர்ட் எதுவரை செல்லும், எப்போது வந்து சேர முடியும். மதம், யாராவது கேட்டால் மட்டும். பாஸ்போர்ட் நம்பரை மட்டும் போடவே மாட்டாள்.

"வேலை உறுதியானப்புறம் கேட்கட்டும், கொடுக்கலாம். தெருவுல போறவன்கிட்ட வீட்டுச் சாவியக் கொடுப்பீங்களா?" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான்.

அப்படிப்பட்டவளிடம் அவளுடைய தம்பியே வந்து உட்கார்ந்தான். ஏசி மெக்கானிக். இங்கே ஆஸ்பத்திரி ஒன்றில் நிரந்தர வேலை, கைக்குழந்தை வேறு. முன்பு கல்ஃபில் இரண்டு வருஷம் இருந்தவன்.

"அக்கா, அந்த ரெண்டு வருஷத்த எடுத்துடு. இங்கயே இருந்த மாதிரி போடு."

திரைக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது. கல்ஃப் அனுபவம் என்று ஒரு வரி இருந்தால் சம்பளம் கூடும். அதற்காக இல்லாததைப் போடச் சொன்னவர்களை அக்கா விரட்டியதைப் பார்த்திருக்கிறேன். இருப்பதை எடுக்கச் சொன்னவன் இவன் ஒருவன்தான்.

காரணம் எனக்கும் தெரியும். அங்கே முதலாளி சம்பளம் கொடுக்காமல் இழுத்தடித்தான். இவன் சொல்லாமல் வேறு இடத்துக்கு ஓடினான். போலீஸ் பிடித்து, பத்து விரல் ரேகையையும் பதிவு செய்துகொண்டு, இனி வராதே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றினவன் சுகமாக இருக்கிறான், ஓடினவனுக்குத் தடை.

"அதே நாட்டுக்கா போடுற?" என்றாள் அக்கா.

"ஆமா. பழைய பாஸ்போர்ட் முடிஞ்சு போச்சு. இது புது நம்பர். யாருக்குத் தெரியப் போகுது?"

"பாஸ்போர்ட்தான்டா புதுசு. விரல் பழசு." அவள் குரல் தாழ்ந்துவிட்டது. "உள்ளத உள்ளபடி போடு. தடை இன்னும் இருக்கான்னு கம்பெனியையே முதல்ல பார்க்கச் சொல்லு."

"அப்படிப் போட்டா கூப்பிடவே மாட்டான். நீ எல்லாருக்கும் போடுவ, தம்பிக்கு மட்டும் போட மாட்ட."

"மாட்டேன்."

அவன் எழுந்து போய்விட்டான். அடுத்த தெருவில் இன்னொரு டைப்பிங் கடை இருக்கிறது. காசு கொடுத்தால் என்ன வேண்டுமானாலும் அடிப்பார்கள். அங்கே அந்த இரண்டு வருஷம் இல்லாமல் போட்டுக்கொண்டான். நான் எடுத்த போட்டோவைத்தான் ஒட்டியிருந்தான்.

விசா வந்தது. தாளைக் கொண்டுவந்து அக்காவின் மேஜையில் வைத்து, "பார்த்தியா? பெரிசா பயமுறுத்தினியே," என்று சிரித்தான். ஆஸ்பத்திரி வேலையை விடுவதாக அன்றே எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னான். அக்கா அந்தத் தாளைத் தொடவில்லை.

"பாஸ்போர்ட் நம்பரப் பார்த்துத்தான்டா விசா கொடுக்கிறாங்க. விரலப் பார்க்கிறது அங்க இறங்கினப்புறம்தான்."

"நல்ல வார்த்தையே வராதா உன் வாயில?"

அவன் போன பிறகு திரையை விலக்கிக்கொண்டு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "பயமா இருக்கு அண்ணே. வெறும் கையோட திருப்பி அனுப்பினாக்கூடப் பரவாயில்ல. உள்ள வச்சுட்டா?" என்றாள். ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை.

அவன் விமானம் ஏறிய மறுநாள் காலை, அக்கா ஒரு டிரைவருக்கு ரெஸ்யூம் அடித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. மேஜையிலேயே வைத்து ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அக்கா, இறங்கிட்டேன். வரிசையில நிக்கிறேன். முன்னாடி ரெண்டே பேர்தான்." அவன் குரலில் சிரிப்பு இல்லை. "கண்ணாடி மாதிரி ஒண்ணு இருக்கு. எல்லாரும் அதுல விரல வைக்கிறாங்க. நீ லைன்லயே இரு."

"இருக்கேன்டா."

டிரைவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். போனில் யாரோ ஏதோ கேட்டார்கள். மறுபடியும் கேட்டார்கள். பிறகு வெகு நேரம் வெறும் இரைச்சல்.

"அக்கா," என்றான். "விரல வச்சேன். எனக்குப் பின்னாடி நின்னவங்க எல்லாம் போயிட்டாங்க. என்னை மட்டும் ஓரமா நிக்கச் சொல்றாங்க."